டிக் டிக் சத்தம் உண்டு, பொறி இல்லை: எங்கள் வீட்டு ஹாப்பைப் பற்றி

நான் வைத்திருக்கும் ஹாப், அதாவது சமையல் மேடையில் பதித்த கேஸ் அடுப்பு, விலை இறங்கியிருக்கிறதாம். வாங்கலாமா என்று கீழ்வீட்டுப் பெண் கேட்கிறாள். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மூன்று பர்னர், கண்ணாடி மேல்தளம், பித்தளை பர்னர், பேட்டரியில் ஓடும் ஆட்டோ இக்னிஷன் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். தீயில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பெரிய பர்னரில் குக்கர் வைத்தால் சீக்கிரம் விசில் வரும், சின்னதில் பால் பொங்காமல் சுண்டும். துடைப்பதும் சுலபம். என்னைப் படுத்துவது அந்த இக்னிஷன் ஒன்றுதான், அதுவும் மும்பை செம்பூரில் மழை ஆரம்பித்தால்.

நாபை அழுத்தினால் மூன்று பர்னரிலும் ஒன்றாக டிக் டிக் டிக் என்று கேட்கும். கீழே இருக்கிற ஒரே மாட்யூல் மூன்றுக்கும் மின்சாரம் அனுப்புகிறது. இது தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. மூன்றிலும் சத்தம் மெதுவாகி, பொறி மெலிந்து போனால் பேட்டரிமேல் சந்தேகப்படலாம். இரண்டில் பளிச்சென்று பொறி வந்து ஒன்றில் மட்டும் வராவிட்டால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றிலும் சத்தமே இல்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது பேட்டரி பெட்டியின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கலாம்.

பேட்டரி, பழைய டார்ச்சில் போடும் பெரிய 1.5 வோல்ட் செல் ஒன்று. மேடைக்கு அடியில் கையை விட்டுத் தடவினால் பெட்டி தட்டுப்படும். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. செல் பாதி களைத்துப் போனாலும் டிக் டிக் நிற்காது. சத்தம் போட அந்தச் சக்தி போதும், பொறி தாவத்தான் போதாது. இதில் உதவாது என்று கழற்றிய செல் டார்ச்சில் போட்டால் இன்னும் எரியும், அதனால் "செல் நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட்தான், அதைப் போட்டுப் பார்த்துவிட்டு ஹாப்பைத் திட்டுவது நியாயமில்லை. அல்கலைன் வாங்குங்கள். ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும்.

இனி போன வாரக் கதை. பெரிய பர்னரில் வடிகஞ்சி பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டுப் பற்றவைத்தால் சத்தம் வருகிறது, பற்றவில்லை. மற்ற இரண்டும் ஒழுங்காகப் பற்றின. ரிப்பேருக்கு வந்தவர் நாபை ஒருமுறை அழுத்திக் கேட்டுவிட்டு, "மாட்யூல் கயா" என்றார். விலையும் சொன்னார். மாட்யூல் போயிருந்தால் மற்ற இரண்டும் எப்படிப் பற்றுகின்றன என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அன்று ராத்திரி பைப் கேஸின் வால்வை மூடிவிட்டு, சமையலறை விளக்கையும் அணைத்துவிட்டு நாபை அழுத்திப் பார்த்தேன். கேஸ் மூடியிருப்பதால் நிதானமாகப் பார்க்கலாம். இருட்டில் எல்லாம் தெரியும். இரண்டு பர்னரில் நீலப் பொறி, பர்னர் பக்கத்தில் பீங்கான் உறையோடு நிற்கும் குச்சியின் முனையிலிருந்து பர்னர் விளிம்புக்குத் தாவியது. மூன்றாவதில் முனையில் ஒன்றுமில்லை, வெள்ளைப் பீங்கானின் அடியில், அது தகட்டுக்குள் இறங்கும் இடத்தில், மங்கலாக ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு ஊர்ந்தது. ஆயிரக்கணக்கான வோல்ட் நாலைந்து மில்லிமீட்டர் காற்றைத் தாண்டுவதைவிட, ஈரமான உப்புக் கஞ்சி படிந்த பீங்கான்மேல் இறங்கிப் போவது அதற்குச் சுலபம். ஈரம் இருக்கிற வரை எத்தனை முறை அழுத்தினாலும் அந்த வழியாகத்தான் போகும்.

பர்னர் ஆறியபின் மேல் பித்தளையை எடுத்துவிட்டு, குச்சியைச் சுற்றி ஈரத்துணியால் கஞ்சியை எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்தேன். வெறும் ஈரத்தைத் துடைப்பது போதாது, படிந்த உப்பு மறுபடியும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, பீங்கானின் அடிப்பக்கம் உலரும் வரை காட்டினேன். குச்சியைக் கத்தியால் சுரண்டக் கூடாது, பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டால் அந்த வழியாகவே பொறி போகும், அப்புறம் எவ்வளவு உலர்த்தினாலும் பயனில்லை, குச்சியையே மாற்ற வேண்டும். (பக்கத்தில் வெறும் உலோகக் குச்சி இன்னொன்று இருந்தால், அது தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் சென்சார். அதைத் தொடாமல் விடுங்கள்.)

பொறி முனைக்கு வந்துவிட்டது. சரி என்று பித்தளையை வைத்து வால்வைத் திறந்தால், பற்றத் தாமதமாகி 'பப்' என்று பெரிதாகப் பற்றியது. அதுவும் ஒரு பக்கம் தீ விளிம்புக்கு அடியிலிருந்து மஞ்சளாக எட்டிப் பார்த்தது. உடனே மூடினேன். ஆறியபின் பித்தளையை ஒரு விரலால் அமுக்கினால் ஆடியது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடி விளிம்பில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. என் ஹாப்பில் பித்தளையின் அடியில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, அது கீழ்வளையத்தின் பள்ளத்தில் விழ வேண்டும். பருக்கையால் குமிழ் விழாமல் மூடி சாய்ந்து நின்றது. குச்சிக்கும் விளிம்புக்கும் இடைவெளி கூடிவிட்டது. பொறி தாவும் இடத்தில் கேஸ் சரியாக வரவில்லை, மற்ற பக்கம் வீணாகக் கசிந்தது. பருக்கையை எடுத்து, பித்தளையை மெதுவாகத் திருப்பிக் குமிழை உட்கார வைத்தேன். அமுக்கினால் ஆடவில்லை. முதல் டிக்கிலேயே பற்றியது.

கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு டிக் டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள். நாலைந்து நொடிக்குள் பற்றாவிட்டால் நாபை மூடி, ஜன்னலைத் திறந்து, வாடை போனபின் மறுபடி முயலுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். எங்கள் பைப் கேஸ் லேசு, மேலே எழும். பூட்டிய அறையில் இரண்டுமே ஆபத்துதான்.

ஒரு பருக்கையும் கொஞ்சம் கஞ்சியும் ஒரு ராத்திரியைத் தின்றன. தென்னிந்தியச் சமையலில் பால் பொங்கும், கஞ்சி வழியும், சாம்பார் தெறிக்கும். இதைத் தயாரித்தவர்கள் குச்சியை வழியும் இடத்தின் நடுவிலேயே நட்டிருக்கிறார்கள். தீ நன்றாக இருக்கிறது என்று மேலே சொன்னதை மாற்றவில்லை, ஆனாலும் என்னைக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். கையால் பற்றவைக்கும் அடுப்பும் ஒரு லைட்டரும் பாதி விலைக்கு வருகின்றன.

கேட்காமல் வாங்கினால் கடையிலேயே பித்தளையை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரே நிலையில் உட்கார்ந்து அசையாமல் நிற்பதாக இருந்தால் நல்லது. எப்படி வைத்தாலும் உட்கார்ந்த மாதிரி காட்டி, அமுக்கினால் ஆடுகிற மூடி வீட்டில் தினம் தொல்லை தரும். அப்புறம், ரிப்பேருக்கு வருகிறவர் மாட்யூல் என்று சொன்னால், கீழே மாட்யூலில் இரண்டு பர்னரின் வயர்களை மாற்றிச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். கோளாறு இன்னொரு பர்னருக்கு இடம் மாறினால் அவர் சொன்னது சரி, காசு கொடுங்கள். அதே பர்னரில் நின்றால் குச்சியோ வயரோதான்.