பால் கொடுக்கும் நேரத்தில் போன 4,180 வெள்ளி

சனிக்கிழமை காலையில் என் வங்கிக் கணக்கில் 4,191 வெள்ளி இருந்தது. இன்று திங்கட்கிழமை, 11 வெள்ளி இருக்கிறது. நடுவில் இணைய வேலை மோசடியில் போன 4,180 வெள்ளியும் என் பேறுகால விடுமுறைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், பிள்ளைக்குக் காப்பு வாங்க மாமியார் கொடுத்ததும்தான். ஆத்திரம் தீராமல் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். கணவருக்குச் செம்பனை ஆலையில் இரவு வேலை. 98 நாள் விடுப்பு முடிந்ததும் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் நான் வேலையை விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் கைப்பேசியில் அந்த விளம்பரம் வந்தது. கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கான வேலை, ஒன்றுக்கு 2 நிமிடம், பிள்ளை தூங்கும்போது செய்தால் போதும் என்றது. எல்லோருக்கும் தெரிந்த ஓர் இணையக் கடையின் முகவர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மூன்று பொருள்களுக்கு இதயக் குறியை அழுத்தி, திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். வேலைக்கு 5 வெள்ளி வீதம் 15 வெள்ளி உடனே கணக்கில் விழுந்தது. வெள்ளிக்கிழமை 100 வெள்ளி கட்டி ஒரு பொருளுக்கு 'ஆர்டர்' போடச் சொன்னார்கள். அரை மணியில் 130 வெள்ளியாகத் திரும்பி வந்தது. நான் விழுந்தது இந்த 130 வெள்ளியில்தான். பொய்க்காரன் பணம் தருவானா என்று கணவரிடமே வாதாடினேன். போதாததற்கு எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெண், வாய் நிறைய 'கக்' என்று மலாயில் அக்கா முறை வைத்து அழைப்பவள், "முதலில் பிள்ளைக்குப் பால் கொடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று எழுதினாள். பெற்ற நாள் முதல் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஐந்து பேர் கொண்ட குழுவில் சேர்த்தார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று ஆர்டர், மூன்றும் முடிந்தால்தான் பணத்தை எடுக்க முடியும். முதல் ஆர்டர் 380 வெள்ளி. அடுத்தது 1,200. மூன்றாவது 2,600 என்று வந்தபோது கை நடுங்கியது. பிள்ளை மார்பில் இருந்தது, ஒற்றைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். முடியாது என்றேன். 30 நிமிடத்தில் கட்டாவிட்டால் ஐந்து பேரின் பணமும் முடங்கும் என்றாள். மற்ற நால்வரும், "அக்கா, எங்களைக் கெடுத்துவிடாதீர்கள்" என்று கெஞ்சினார்கள். அந்த நால்வரும் அவர்களுடைய ஆள்களே என்பது இப்போது விளங்குகிறது. கட்டினேன்.

அவர்களுடைய இணையப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே 5,434 வெள்ளி என்று காட்டியது. எடுக்கப் போனால் வரி 20 விழுக்காடு முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். அந்த 5,434 வெள்ளியிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, "விதி இடம் தராது" என்றார்கள். ஞாயிறு முழுக்க இதே பதில். மாலையில் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அந்த 5,434 ஒரு பணமே இல்லை, அவர்கள் பக்கத்தில் அவர்கள் எழுதிக்கொண்ட எண். உள்ளே போன 4,180 மட்டும்தான் நிஜம்.

இன்று காலை வங்கி முகப்பில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீங்களே அனுப்பியதுதானே, அம்மா" என்றார். காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி, ஏன் சனிக்கிழமையே 997 எண்ணை அழைக்கவில்லை என்று கேட்டார். அது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். பணம் முதல் கணக்கில் இருக்கும்போதே சொன்னால் முடக்க முயல்வார்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கடினம். நான் இரண்டு நாள் வரிக்கதை கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொன்னார்: எனக்கு வந்த 130 வெள்ளி தனிநபர் கணக்கிலிருந்து வந்தது, அதுவே என்னைப்போல் ஏமாந்த ஒருவரின் பணமாக இருக்கலாம் என்று. அதைக் கேட்டபின் வயிற்றைப் பிசைகிறது.

எந்த வீட்டு வேலையை நம்பலாம் என்றும் எழுத நினைத்தேன், பிள்ளை எழுந்துவிட்டது. சுருக்கமாக: சம்பளம் தருபவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். சனிக்கிழமை நான் கட்டிய மூன்று முறையும் மூன்று தனிநபர் பெயர்கள், நிறுவனத்தின் பெயர் ஒருமுறையும் இல்லை. அங்கேயே நின்றிருக்க வேண்டும். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தேடிப் பாருங்கள், ஆனால் யாரும் இன்னும் புகார் கொடுக்காத கணக்கு அதில் தென்படாது. 'சுத்தம்' என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் செய்தி அனுப்பினார். 4,180 வெள்ளியையும் மீட்டுத் தருவாராம், முன்பணம் 300 வெள்ளியாம். தொகை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பதில் இல்லை.