டர்பனில் விசா ட்ராக்கிங் ஏஜெண்டிடம் 4,800 ரேண்ட் போனது: உங்கள் மெயில் யார் கையில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்

கை நடுக்கத்தோடுதான் எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் விசா வேலை பார்த்துத் தரும் சின்னக் கடை ஒன்றில் 4,800 ரேண்ட் கொடுத்தேன். வேலை விசா நீட்டிப்புக்கு விசா விண்ணப்ப மையத்தில் ஸ்லாட் எடுப்பது, மெயிலைக் கவனித்துத் தகவல் சொல்வது, இதுதான் பேச்சு.

இந்த ஊரில் தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் ஏராளம், தமிழ் பேசுபவர்கள் குறைவு. கடை ஏஜெண்ட் நம்ம ஊர்த் தமிழில் "தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்டதும் மனம் இளகிவிட்டது. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. "சர்நேம் இல்லேன்னா ட்ராக் ஆகாது தம்பி, என் மெயிலையே போட்டுடறேன், நான் பார்த்துக்கறேன்" என்றார். முடிவை வாங்க அதிகாரக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அப்புறம் எப்போது கேட்டாலும் ஒரே பாட்டு. மெயில் வரவில்லை, சர்வர் டவுன், கரன்ட் இல்லை, டென்ஷன் ஆகாதீங்க. ஒரு நாள் 'அப்ரூவ்டு' என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அனுப்பியவர் முகவரியும் தேதியும் இருக்கும் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது, என் விண்ணப்ப எண்ணும் இல்லை. ட்ராக்கிங்கில் முடிவு மையத்துக்கு வந்துவிட்டது என்றுதான் வரும். கிடைத்ததா, மறுத்தார்களா என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும்.

நேற்று ட்ராக்கிங் பக்கத்தில், ரசீதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டு நானே பார்த்தேன். உடனே திறந்தது. கவர் எப்போதோ வாங்கப்பட்டுவிட்டது! கடைக்கு ஓடினேன். மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், கவர் கிழிந்திருக்கிறது. உள்ளே மறுப்புக் கடிதம். மறுப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும். மையத்துப் பதிவேட்டில் அவர் கையெழுத்து போட்ட தேதிதான் இருக்கிறது, அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கும் மறுபடி நேரம் எடுக்க வேண்டும். விசா முடிந்து 30 நாளுக்கு மேல் தங்கியவர் என்று பதிவானால் 5 வருடம் இந்த நாட்டுக்குள் வர முடியாது. இதெல்லாம் தெரிந்த மனுஷன் கவரை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார்.

"காசைத் திருப்பிக் கொடுங்கண்ணே" என்றேன். "ஸ்லாட் எடுத்துக் குடுத்தேன்ல, அதுக்கு சரியாப் போச்சு" என்கிறார். வழக்கமான நேரம் எடுக்க மையத்தின் சேவைக் கட்டணம் போதும், அதை நான் தனியாகக் கட்டியிருக்கிறேன். அப்படியானால் 4,800 ரேண்ட் எதற்கு? இப்போது போனையே எடுப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், வக்கீலைப் பார்க்க ஓட வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் மெயில், உங்கள் நம்பர் மட்டும். அதிகாரக் கடிதம் யாருக்கும் வேண்டாம், கவரை நீங்களே போய் வாங்குங்கள். ரசீதை இன்றே போட்டோ எடுங்கள். மேலே வெட்டிய ஸ்கிரீன்ஷாட் வந்தால் அன்றைக்கே மையத்துக்குப் போய்க் கேளுங்கள்.