9.90-ஐ 11.50 ஆக்குவது: புதிதாகத் தட்டுவதா, பட்டியலிலிருந்தே எடுத்து ஒட்டுவதா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் என் தாய்மாமா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். ஆட்டிறைச்சி விலை ஏறிக்கொண்டே போனதால், வறுவலை 9.90 ரிங்கிட்டிலிருந்து 11.50 ரிங்கிட்டுக்கு உயர்த்த முடிவு செய்தார். பழைய உணவுப் பட்டியலை வடிவமைத்துக் கொடுத்த அச்சகம் மூடப்பட்டுவிட்டது. மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. கையில் இருந்தது எழுத்தும் படமும் ஒன்றாக உறைந்துபோன ஒரு JPEG படம் மட்டும்தான். அதில் ஒரே ஒரு விலையைத் திருத்தி மறுபடி அச்சிட வேண்டும்.

பழைய அட்டையின் மேல் விலைச் சீட்டு ஒட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரக் கை படும் லேமினேட் அட்டையில் அது நிற்காது. பட்டியல் முழுவதையும் புதிதாக வடிவமைக்கக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் ஒரு விலைக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். மீதி இருப்பவை இரண்டு வழிகள். பழைய விலையை மறைத்துவிட்டு அதன் மேல் புதிய விலையை எழுத்துருவில் தட்டுவது ஒன்று. அதே பட்டியலில் இருக்கும் வேறு விலைகளிலிருந்து இலக்கங்களை வெட்டியெடுத்து ஒட்டுவது மற்றொன்று. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

எந்த வழியானாலும் முதலில் படத்தின் அளவைப் பாருங்கள். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் தெளிவாக அச்சிட 2480 × 3508 பிக்சல்கள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்த கோப்பு வழியிலேயே சுருங்கியிருக்கும். நீளப் பக்கம் 1600 பிக்சலாகிவிட்டால் ஏ4-இல் அங்குலத்துக்கு 137 பிக்சல்தான் கிடைக்கும். சிறிய எழுத்துகள் மங்கும். அதே படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்கினால் சுருங்காமல் வரும்.

எழுத்துருவில் தட்டுவது பார்க்க எளிது. கேன்வாவில் படத்தை ஏற்றி, பழைய விலையின் மேல் பின்னணி நிறத்தில் ஒரு கட்டத்தை வைத்து, அதன் மேல் 11.50 என்று எழுதினால் முடிந்தது. கிம்ப் போன்ற இலவச மென்பொருளிலும் இதே வேலைதான். அடுத்த முறை விலை மாறினால் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது இதன் உண்மையான பலம், அதை மறுக்கவில்லை. ஆனால் அச்சில் வந்ததும் அந்த ஒரு விலை மட்டும் வேறாகத் தெரியும். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

எழுத்துரு சரியாக அமையாதது ஒரு காரணம் மட்டுமே. அதே எழுத்துருவைக் கண்டுபிடித்துத் தட்டினாலும் வேறுபாடு போகாது. JPEG படமாகச் சேமிக்கும்போது எழுத்துகளின் ஓரம் சற்று மழுங்கும். ஒவ்வொரு இலக்கத்தைச் சுற்றியும் மெல்லிய தூசு போன்ற கலங்கல் படியும். பட்டியலில் உள்ள பழைய விலைகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இன்று தட்டிய இலக்கத்தில் அது இல்லை. அதன் ஓரம் கத்தி போல் நிற்கும், சுற்றிலும் பின்னணி துடைத்துவிட்டது போலிருக்கும். நிறமும் அப்படித்தான். கறுப்பு என்று நாம் நினைப்பது படத்தில் கரும்பழுப்பாக இருக்கும்; நிறத்தை எடுக்கும்போது எழுத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் இன்னும் வெளிறிய நிறம் கிடைக்கும். "விலை ஏறியது தெரியட்டும் மாப்பிள்ளை, ஏற்றி ஒட்டியது போல் தெரியக் கூடாது" என்றார் மாமா. வரிசையில் ஒன்று மட்டும் துருத்தினால் வாடிக்கையாளரின் கண் நேரே அங்கேதான் போகும். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பட்டியலிலிருந்தே எடுத்த இலக்கத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எழுத்துரு, அளவு, நிறம், மழுக்கம், தூசு எல்லாம் அதனோடு கூடவே வந்துவிடுகின்றன. எழுத்துருவின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வறுவலுக்குச் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பட்டியல் முழுவதும் 11.50 வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் அப்படியே எடுத்து ஒட்டி முடித்திருக்கலாம். இல்லை. ஆனால் மீன் தலைக் கறிக்கு மேலே ஓர் உணவு 11.00 ஆக இருந்தது. மசால் தோசை 5.50. முதலாவதிலிருந்து "11." என்ற துண்டையும், இரண்டாவதிலிருந்து கடைசி "50"-ஐயும் எடுத்தேன். ஒவ்வோர் இலக்கமாக வெட்டாமல் இப்படிச் சேர்ந்த துண்டுகளாக எடுப்பது முக்கியம். இலக்கங்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி வடிவமைத்தவர் வைத்தபடியே வந்துவிடும். நாம் கணிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாகக் குறையும். இரண்டு 1-களைத் தனித்தனியாக ஒட்டினால் அவற்றின் இடைவெளியைச் சரிசெய்வதே பெரும்பாடு.

கிம்பில் படத்தைத் திறந்ததும் File > Save கொடுத்து XCF கோப்பாகச் சேமித்தேன். மூலப் படத்தைத் தொடவே கூடாது. 400 விழுக்காடு பெரிதாக்கிக்கொண்டு, பழைய விலையை மறைக்கும் வேலையைத் தொடங்கினேன். இங்கே பலர் பின்னணி நிறத்தை ஊற்றுவார்கள். வேண்டாம். எங்கள் பட்டியலின் சந்தன நிறம் மேலிருந்து கீழே மெல்லக் கருக்கிறது. ஒரே நிறத்தை ஊற்றினால் அச்சில் கட்டம் தெரியும். அதே வரியில், விலைக்கு வலப்பக்கம் இருந்த வெற்றிடத்தைச் செவ்வகத் தேர்வுக் கருவியால் எடுத்து, Ctrl+C கொடுத்து, Edit > Paste as > New Layer வழியாகப் புதிய அடுக்காக ஒட்டி, 9.90-இன் மேல் நகர்த்தினேன். அந்த வரியின் நிறமும் தூசும் அப்படியே பொருந்தின.

9.90-க்கு நான்கு குறிகள், 11.50-க்கு ஐந்து. உணவின் பெயரிலிருந்து விலை வரை ஓடும் புள்ளிக்கோட்டில் கடைசிப் புள்ளிகள் சிலவற்றையும் மறைத்தால்தான் இடம் கிடைக்கும். எத்தனை என்பதை 11.00 இருக்கும் வரியே சொல்லிவிடும். அங்கே புள்ளிக்கோடு எந்த இடத்தில் நிற்கிறதோ, இங்கேயும் அதே நேர்கோட்டில் நிறுத்தினேன்.

அடுத்து "50" துண்டை ஒட்டினேன். வலது ஓரம் மேல் வரி விலைகளின் கடைசிப் பூஜ்யத்தோடு நேராக இருக்க வேண்டும்; அடி ஓரம் அதே வரியில் உள்ள உணவின் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். மேற்புறமும் இடப்புறமும் உள்ள அளவுகோல்களிலிருந்து இழுத்து இரண்டு வழிகாட்டிக் கோடுகளை வைத்துக்கொண்டால் கண் ஏமாறாது. நகர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு அம்புக்குறி விசைகளை அழுத்தினால் துண்டு ஒவ்வொரு பிக்சலாக நகரும். பிறகு "11." துண்டு. புள்ளிக்கும் 5-க்கும் இடையிலான இடைவெளியை, தோசையின் 5.50-இல் புள்ளிக்கு அடுத்து இருப்பதைப் பார்த்து அமைத்தேன்.

தோசை பட்டியலின் மேற்பகுதியில் இருப்பதால், ஒட்டிய "50"-ஐச் சுற்றி வெளிறிய பெட்டி ஒன்று தெரிந்தது. அந்த அடுக்கின் Mode பட்டியலில் Darken only என்பதைத் தேர்ந்தெடுத்ததும் பெட்டி மறைந்தது. இரண்டு அடுக்குகளில் எது கருமையோ அதை மட்டும் காட்டும் முறை அது. வெளிறிய பின்னணி விழுந்துவிடும், இலக்கம் நிற்கும். இதனால்தான் துண்டை வெளிறிய பகுதியிலிருந்து எடுப்பது நல்லது. கருமையான பகுதியிலிருந்து எடுத்தால் பெட்டி போகாது. கரும்பலகை போன்ற பின்னணியில் வெள்ளை எழுத்து உள்ள பட்டியல்களுக்கு Lighten only. அங்கே துண்டைக் கருமையான பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

துண்டைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. கோட்டின் தடிமன் மாறும், ஓரம் இன்னும் மங்கும். அதனால் சிறப்புச் சலுகைக் கட்டத்தில் இருக்கும் பெரிய விலைகள் உதவாது. அதே பத்தியில் அதே அளவில் உள்ளவைதான் வேண்டும். 9 இல்லாவிட்டால் 6-ஐத் தலைகீழாகத் திருப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சில எழுத்துருக்களில் பொருந்தும், சிலவற்றில் வளைவு காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலில் 9 இல்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை, ஆகவே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தட்டும் வழி வெல்லும் இடமும் அதுதான். வேண்டிய இலக்கம் பட்டியலிலேயே இல்லையென்றாலோ, பாதிக்கு மேல் விலைகள் மாறுகின்றன என்றாலோ ஒட்டுவதில் பொருளில்லை. அப்போது அந்தப் பத்தியின் எல்லா விலைகளையும் மறைத்துவிட்டு ஒன்றாகத் தட்டிவிடுங்கள். எல்லாமே புதிது என்றால் எதுவும் துருத்தாது. ஒன்றிரண்டை மட்டும் தட்டியே ஆக வேண்டுமானால், எழுத்தடுக்கின் நகல் ஒன்றுக்கு Filters > Blur > Gaussian Blur வழியாக அரை பிக்சல் அளவு மழுக்கம் கொடுத்துப் பாருங்கள். வேறுபாடு குறையும், முற்றிலும் போகாது.

கைபேசியில் படம்பிடித்த பட்டியல்களில் நான் அதிகம் செய்ததில்லை. சாய்வும் வெளிச்சமும் இடத்துக்கு இடம் மாறுவதால், அடுத்த வரியிலிருந்தே இலக்கம் கிடைத்தால் மட்டும் இதே வழி எடுபடும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. File > Open as Layers மூலம் மூலப் படத்தை எல்லாவற்றுக்கும் மேல் அடுக்காக வைத்து, அதன் Mode-ஐ Difference ஆக்குங்கள். மாறாத இடம் எல்லாம் கறுப்பாகிவிடும். வறுவல் விலையும் அதன் பக்கத்தில் மறைத்த புள்ளிகளும் மட்டும் ஒளிர வேண்டும். வேறெங்காவது ஒரு கீற்று தெரிந்தால் தவறுதலாக எதையோ நகர்த்தியிருக்கிறீர்கள் என்று பொருள். பார்த்த பின் அந்த அடுக்கை நீக்கிவிட வேண்டும். படம் சொல்லாத ஒன்றும் உண்டு: வறுவல் இன்னொரு செட் சாப்பாட்டிலும் வரும், பின்பக்கத்தில் மலாய்ப் பெயரோடும் வரும். அந்த விலைகளையும் பார்த்துவிடுங்கள்.

File > Export As வழியாக ஒரே முறை PNG ஆகவோ, தரம் 95-க்கு மேல் வைத்து JPEG ஆகவோ எடுங்கள். அடுத்த திருத்தத்தை அந்த JPEG-இல் செய்யாமல் XCF-இல்தான் செய்ய வேண்டும்; JPEG-ஐத் திறந்து திறந்து சேமித்தால் தூசு கூடிக்கொண்டே போகும். "11." , "50" என்று அடுக்குகளுக்குப் பெயரிட்டு வைத்திருந்தால், நாளை 12.00 ஆனாலும் மறைத்த இடம் தயாராகவே இருக்கும். துண்டுகளை மாற்றினால் போதும். அச்சகத்துக்கு ஆவணமாக அனுப்பி, முழு எண்ணிக்கையும் அடிப்பதற்கு முன் அதே தாளில் ஒரு பிரதி மட்டும் கேளுங்கள். நான் அதைப் பழைய அட்டையின் பக்கத்தில் வைத்து, எது மாறியது என்று கடைப் பணியாளரிடம் கேட்டேன். அவர் வறுவல் வரியைத் தாண்டிக் கீழே போய்த் தேடினார். அன்றே மாமா அச்சிடக் கொடுத்துவிட்டார்.