குகை என்றால் மலைக்குகை: மூன்று வருடத் தமிழ்க் குரல் தேடல்

சேலத்தில் வீடுவீடாகப் போய் கிரைண்டர், மிக்ஸி பழுது பார்க்கிறேன். கையில் கிரீஸ் இருக்கும்போது போனில் எழுத்தடிக்க முடியாது. அதனால் மூன்று வருடமாக மேப்பிலும் வலைத் தேடலிலும் மைக்கை அழுத்தித் தமிழில்தான் கேட்கிறேன்.

பேசி முடித்ததும் நான் முதலில் பார்ப்பது தேடல் பெட்டியை. நாம் சொன்னது முதலில் எழுத்தாகிறது, அப்புறம் அந்த எழுத்தை வைத்துத்தான் தேடுகிறது. எழுத்து தப்பென்றால் மறுபடி தெளிவாகச் சொன்னால் போதும். எழுத்து சரியாக இருந்தும் வேறு இடம் வந்தால், திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பயனில்லை. சொற்களை மாற்ற வேண்டும்.

குகை ஏரியாவுக்குப் போக "குகைக்கு எப்படிப் போறது" என்று ஒருநாள் கேட்டேன். எழுத்து பிசகில்லாமல் விழுந்தது. வந்ததோ மலைக்குகைகள்! "குகை மாரியம்மன் கோயில் சேலம்" என்றதும் சரியாக வந்தது. அன்று முதல் அடையாளம், ஏரியா, ஊர் என்ற வரிசையில்தான் சொல்கிறேன். "போகணும்", "எங்க இருக்கு" எல்லாம் மேப்புக்கு வேண்டாம். அஞ்சு ரோட்டில் கடை தேடும்போது மட்டும் "ஃபைவ் ரோட்ஸ்" என்பேன். அங்கே பல கடைகளின் முகவரி ஆங்கிலத்தில்தான் பதிவாகியிருக்கிறது.

மலை வேலைக்கு இன்னும் கவனம் வேண்டும். ஏற்காடு மலையில் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டிருந்தார். வெறும் "ஏற்காடு" என்றால் கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பாதையைக் காட்டும். கொட்டச்சேடு இருப்பது குப்பனூர்ப் பாதையில். நான் இழுத்துச் சொன்னதில் "கொட்ட சேடு" என்று இரண்டாகப் பிரிந்து விழுந்தது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் "கொட்டச்சேடு ஏற்காடு" என்றேன், கிடைத்தது. கிளம்பும் முன் பாதையில் குப்பனூர் வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். வராவிட்டால் இடையில் நிறுத்தமாக "குப்பனூர் சேலம்" சேர்ப்பேன். சேலம் என்று சொல்லாவிட்டால் அதே பெயருள்ள கோவைப் பக்கத்து ஊர் வந்துவிடும். இதையெல்லாம் மலை ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மேலே சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் என் போனில் மைக் பேச்சை எடுப்பதில்லை.

வலைத் தேடலில் பேச்சுத்தமிழே எனக்கு நன்றாக உதவுகிறது. "கிரைண்டர் ரிப்பேர்" என்றால் கடை விளம்பரங்கள்தான் வரும். அந்த அம்மாவின் கிரைண்டருக்கு "கிரைண்டர் மோட்டார் உறுமுது சுத்தல கெப்பாசிட்டர்" என்று கேட்டேன். மெக்கானிக்குகள் போட்ட தமிழ் வீடியோக்கள் வந்தன. அவர்களும் அதே சொற்களில்தானே தலைப்பு வைக்கிறார்கள்! கெப்பாசிட்டரை மாற்றினேன், கல் சுற்றியது.