நாமே தேர்ந்தெடுக்கும் சேனல்களா, ஆயத்தத் தொகுப்பா: எது மலிவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல்

கேபிள் இணைப்புக்கும் டிடிஎச் இணைப்புக்கும் மாதந்தோறும் பணம் கட்டுகிற பலர், தாங்கள் பார்க்கும் ஏழெட்டு சேனல்களை மட்டும் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் கட்டணம் பாதியாகிவிடும் என்று நம்புகிறார்கள். வேறு சிலரோ, தனித்தனியாக எடுப்பது எப்போதுமே நட்டம் என்று கேபிள்காரர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டுமே முழு உண்மையல்ல. எது மலிவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் அதைக் கண்டறிய ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும்.

முதலில் எவற்றை ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 2017ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து, 2019 தொடக்கத்தில் வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதை நடத்தும் நிறுவனமே ஒரு அதிகபட்ச சில்லறை விலையை அறிவிக்க வேண்டும். அந்த விலையில் சேனலைத் தனியே வாங்கலாம். அதே நிறுவனம் தன் சேனல்களைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பாகவும் வாங்கலாம். மூன்றாவதாக, பல நிறுவனங்களின் சேனல்களைக் கலந்து கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனமே தயாரித்து விற்கும் பேக் இருக்கிறது. விளம்பரத்தில் ‘குடும்ப பேக்’, ‘தமிழ் பேக்’ என்று வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையே. சேனல் நிறுவனத்தின் தொகுப்பையும், இணைப்புத் தரும் கேபிள் அல்லது டிடிஎச் இயக்குபவரின் பேக்கையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான கணக்குகள் தொடக்கத்திலேயே தவறிவிடுகின்றன.

இவை மூன்றுக்கும் அடியில் நெட்வொர்க் கட்டணம் ஒன்று உண்டு. பில்லில் அது NCF என்று அச்சாகும். சேனல்களுக்கான விலை வேறு, அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான இந்தக் கட்டணம் வேறு. ஆரம்பத்தில் 100 சேனல்களுக்கு 130 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றானது. 2024 ஜூலையில் டிராய் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. ஆகவே இன்று ஒவ்வொரு இயக்குபவரும் தம் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கலாம். பகுதிக்குப் பகுதி, வாடிக்கையாளர் வகைக்கு வகை வேறுபடுத்தவும் செய்யலாம். இந்த ஒரு மாற்றத்தை மறந்துவிட்டு 2019ஆம் ஆண்டுக் கணக்கையே இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது பயன் தராது.

எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேனலின் அறிவிக்கப்பட்ட விலையில் வரி சேர்ந்திராது. பேக்கின் விளம்பர விலையிலோ பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். ஒன்றை வரியில்லாமலும் மற்றொன்றை வரியோடும் ஒப்பிட்டால், தனிச் சேனல்களே மலிவு என்ற பொய்யான முடிவுதான் கிடைக்கும்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் செட்டாப் பாக்ஸில் காட்டும் விலைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிக்கு மூன்று சேனல்களின் தொடர்கள் வேண்டும், அப்பாவுக்கு ஒரு திரைப்படச் சேனல், பேரனுக்கு ஒரு குழந்தைகள் சேனல். செய்தி சேனல்கள் கட்டணமில்லாதவற்றிலேயே கிடைத்துவிடுகின்றன. ஒரே டிவி, சாதாரணத் தரம்.

இந்தச் சேனல்களை நடத்துபவை மூன்று குழுமங்கள். முதல் குழுமத்தின் தொகுப்பில் ஆறு சேனல்கள்: தொடர் சேனல் 19 ரூபாய், திரைப்படம் 19, நகைச்சுவை 9, இசை 6, குழந்தைகள் 6, செய்தி 1. தனித்தனியே கூட்டினால் 60 ரூபாய். தொகுப்பின் விலை 40 ரூபாய். இந்த வீட்டுக்கு இதில் தொடர், திரைப்படம், குழந்தைகள் சேனல் ஆகிய மூன்றும் தேவை. அவற்றைத் தனியே வாங்கினால் 44 ரூபாய். தேவையில்லாத மூன்று சேனல்களோடு சேர்ந்து வந்தாலும் இங்கே தொகுப்புதான் மலிவு. இரண்டாம் குழுமத்தில் 17 ரூபாய்த் தொடர் சேனல் ஒன்றே போதும். அதன் தொகுப்பு 30 ரூபாய். மூன்றாம் குழுமத்தில் 12 ரூபாய்ச் சேனல் ஒன்று போதும். தொகுப்பு 20 ரூபாய். இவ்விரண்டிலும் தனியே எடுப்பதே சரி.

நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் குழுமத்தில் தொகுப்பும் மற்ற இரண்டில் தனிச் சேனலுமாகக் கலந்து எடுக்கும்போது 130, 40, 17, 12 சேர்ந்து 199 ரூபாய், வரியோடு 234.82. ஐந்தையும் தனித்தனியே எடுத்தால் வரியோடு 239.54. மூன்று தொகுப்புகளையும் முழுதாக எடுத்தால் 259.60. ஆகவே, தனியா தொகுப்பா என்று வீட்டுக்கு மொத்தமாக ஒரு விடை தேடக் கூடாது. ஒவ்வொரு குழுமத்துக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். கலப்பாக எடுப்பதுதான் பல வீடுகளுக்கு மிகக் குறைவாக வரும். அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கேள்விக்கு விரைவாக விடை காண விதியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது. 2022 நவம்பரில் செய்த திருத்தத்தின்படி, ஒரு நிறுவனம் தன் தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி, அதிலுள்ள கட்டணச் சேனல்களின் தனி விலைகளைக் கூட்டிய தொகையில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் தொகுப்பின் விலை அந்தக் கூட்டுத்தொகையில் 55 சதவீதத்துக்குக் கீழே போகவே முடியாது. நீங்கள் விரும்பும் சேனல்களின் விலை அந்த 55 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், தொகுப்பின் விலையைப் பார்க்காமலேயே தனிச் சேனல் மலிவு என்று சொல்லிவிடலாம். மேலே முதல் குழுமத்தில் 60 ரூபாயின் 55 சதவீதம் 33 ரூபாய். பேரனுடைய சேனலும் தொடர் சேனலும் மட்டும் போதுமென்றால் 25 ரூபாய்தான். தொகுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 33 ரூபாயைத் தாண்டினால்தான் தொகுப்பின் உண்மையான விலையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் உண்டு. பல சேனல்களின் விலை துல்லியமாக 19இல் வந்து நிற்பதன் காரணம் அதுதான். இரண்டு 19 ரூபாய்ச் சேனல்கள் தேவைப்பட்டாலே 38 ரூபாய் ஆகிவிடும். 40 ரூபாய்த் தொகுப்பு அதற்கு இரண்டு ரூபாய் தொலைவில்தான் இருக்கிறது. விலைகள் இப்படி அமைந்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது இயக்குபவரின் பேக்கோடு ஒப்பிடுவோம். இந்த ஐந்து சேனல்களும் இன்னும் பலவும் அடங்கிய ஒரு பேக், நெட்வொர்க் கட்டணமும் வரியும் சேர்த்து 249 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாம் கலந்து எடுத்ததைவிட மாதம் 14.18 ரூபாய் அதிகம், ஆண்டுக்கு 170.16 ரூபாய். வித்தியாசம் இவ்வளவுதானா என்று தோன்றினால், காரணம் நெட்வொர்க் கட்டணமே. அது வரியோடு 153.40 ரூபாய்; 234.82 ரூபாய்ப் பில்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சேனல்களை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தொகை அசையாது. கட்டணம் பாதியாகும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது.

அந்த 14 ரூபாயும் நிலையானதல்ல. கிரிக்கெட் தொடர் ஒன்று வருகிறது, 19 ரூபாய் விளையாட்டுச் சேனல் ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்றால் வரியோடு 22.42 ரூபாய் கூடி 257.24 ஆகிவிடும். பேக்கில் அந்தச் சேனல் ஏற்கெனவே இருந்தால் இப்போது பேக்தான் மலிவு. ஆகவே தேவைப்பட்டியலை எழுதும்போது, கடந்த ஒரு மாதத்தில் உண்மையில் பார்த்த சேனல்களை வீட்டில் எல்லாரிடமும் கேட்டு எழுதுவது நல்லது. ‘எப்போதாவது பார்ப்போம்’ என்ற வகையில் ஓரிரண்டு சேனல் நுழைந்தாலே முடிவு புரண்டுவிடும்.

இதைவிடப் பெரிய பொறி, முன்பு சொன்ன 2024 மாற்றத்தில் இருக்கிறது. தனிச் சேனல் எடுப்பவரிடம் வாங்கும் நெட்வொர்க் கட்டணமும் பேக்கின் விலைக்குள் அடங்கிய நெட்வொர்க் கட்டணமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் அது 130க்குப் பதில் 150 என்றால், வரியோடு 23.60 ரூபாய் கூடி, கலந்து எடுத்தது 258.42 ஆகிறது, பேக் வென்றுவிடுகிறது. அதே 2024 திருத்தம், இயக்குபவர் தம் பேக்குகளுக்கும் 45 சதவீதம் வரை தள்ளுபடி தர அனுமதித்தது. அதுவரை அவர்களுக்கான வரம்பு 15 சதவீதமாக இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, ஆயத்த பேக்கின் பக்கம் தராசு முன்பைவிடச் சாய்ந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. எனவே சேனல்களின் விலையை விசாரிப்பதற்கு முன்பே, தனிச் சேனல்கள் மட்டும் எடுத்தால் நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, அது எத்தனை சேனல் வரை என்று கேட்டுவிட வேண்டும்.

எச்டி டிவி உள்ள வீடுகளில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கும். ஒரே சேனலின் சாதாரண வடிவமும் எச்டி வடிவமும் ஒரே தொகுப்பில் இருக்கக் கூடாது. ஆகவே சாதாரணத் தொகுப்பை எடுத்துவிட்டு, பிடித்த சேனலை மட்டும் எச்டியில் தனியே சேர்ப்பவர், அந்தச் சேனலுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார். பில்லில் ஒரே பெயர் இரண்டு இடத்தில், ஒன்றில் எச்டி என்ற ஒட்டோடு, இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது டிவி உள்ளவர்கள், அதற்கும் முதல் டிவியின் பேக்கையே நகலெடுக்காமல், அந்த அறையில் பார்க்கும் இரண்டொரு சேனலை மட்டும் தனியே எடுத்தால் எவ்வளவு என்று கேட்கலாம். தேவை சுருக்கமாக இருக்கும் இடத்தில்தான் தனிச் சேனல்கள் எளிதாக வெல்கின்றன.

விலைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு சேனலுக்கும் உரிய விலை செட்டாப் பாக்ஸின் நிகழ்ச்சிப் பட்டியலில் காட்டப்பட வேண்டும். இயக்குபவரின் இணையதளத்திலும் செயலியிலும் தனிச் சேனல், தொகுப்பு, பேக் என்று மூன்றும் இருக்கும், தனிச் சேனல் மட்டும் சற்று உள்ளே போய்த் தேட வேண்டிய இடத்தில். உள்ளூர்க் கேபிள்காரர் ‘எல்லாம் சேர்த்து முந்நூறு’ என்று ஒரே தொகையாகச் சொன்னால், நெட்வொர்க் கட்டணம், சேனல் கட்டணம், வரி ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் ரசீதைக் கேளுங்கள். அந்த மூன்று தொகைகளும் கையில் இல்லாமல் மேலே சொன்ன கணக்கு எதையும் போட முடியாது. சேனல் நிறுவனங்கள் விலையை மாற்றும்போது 44க்கும் 40க்கும் இடையிலான அந்த நான்கு ரூபாய் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்பதால், விலை மாறியதாக அறிவிப்பு வரும் மாதத்தில் அதே தாளை எடுத்து மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.