கூகுள் டாக்ஸ் ‘அனுமதி இல்லை’ என்றால்: எந்த வழி எப்போது உதவும்?

ஒரு கல்லூரி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிரவுசரில் மூன்று கூகுள் கணக்குகள் லாகின் ஆகியிருக்கின்றன: சொந்த ஜிமெயில், கல்லூரி கொடுத்த கணக்கு, அட்மிஷன் குழுவின் பொதுக் கணக்கு. துறைத்தலைவர் மதிப்பெண் ஷீட்டின் இணைப்பை வாட்ஸ்அப்பில் போடுகிறார். அதைக் கல்லூரிக் கணக்குக்குத்தான் பகிர்ந்திருக்கிறார். ஆசிரியர் கிளிக் செய்ததும் வருவது `You need access`.

இங்கே ஷீட்டிலும் கோளாறில்லை, பகிர்ந்தவர் மீதும் தப்பில்லை. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பில் இருப்பது கோப்பின் அடையாளம் மட்டும்தான், அதை யார் திறக்க வேண்டும் என்ற குறிப்பு எதுவும் இல்லை. அப்படி இருக்கும்போது கூகுள் பொதுவாக அந்த பிரவுசரில் முதலில் லாகின் ஆன கணக்கையே பயன்படுத்தும். நம் ஆசிரியருக்கு அது சொந்த ஜிமெயில். அந்த முகவரி பகிர்வுப் பட்டியலில் இல்லாததால் கதவு சாத்தப்படுகிறது.

அந்தப் பக்கத்தில் கண்ணில் முதலில் படுவது `Request access` பொத்தான். பலரும் யோசிக்காமல் அதை அழுத்திவிடுகிறார்கள். இருக்கும் வழிகளில் மோசமானது இதுதான். கோரிக்கை போவது சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து. துறைத்தலைவர் அவசரத்தில் ‘சரி’ கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். ஆனால் மாணவர்களின் மதிப்பெண்கள் இப்போது கல்லூரிக்கு வெளியே உள்ள ஒரு கணக்குக்கும் திறந்துவிட்டன. திருத்தங்கள் அந்தக் கணக்கின் பெயரில் பதிவாகும். நாளை ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போனால் கல்லூரிக் கணக்கை மூடிவிடுவார்கள், ஜிமெயிலுக்குக் கொடுத்த அனுமதியோ யாராவது நினைவு வைத்து நீக்கும்வரை அப்படியே கிடக்கும். வெளியாருக்குப் பகிர்வதைக் கல்லூரி நிர்வாகி தடுத்து வைத்திருந்தால், ஒப்புதல் கொடுக்க நினைத்தாலும் முடியாது. இரு பக்கமும் காத்திருந்து அலுத்துப்போவதுதான் மிச்சம்.

இதைவிட மோசமாகவும் முடியலாம். ‘யாருக்குமே திறக்கவில்லை சார்’ என்று குழுவில் நாலு பேர் சொன்னதும், துறைத்தலைவர் இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று மாற்றிவிடுவார். பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைக்கும் வேலை அது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கணக்காக உள்ளே நிற்கிறோம் என்பதை. அந்தப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியோ கணக்கின் படமோ இருக்கும். அது தவறான கணக்கு என்றால் அங்கேயே கணக்கை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும். சரியான கணக்கிலும் அதே பதில் வந்தால்தான், உண்மையிலேயே உங்களுக்குப் பகிரப்படவில்லை என்று பொருள். `Request access` அப்போது அழுத்த வேண்டியது.

கணக்கு மாற்றியதும் கோப்புக்குப் போகாமல் டிரைவின் முகப்புக்குப் போய்விட்டால் முகவரியையே திருத்துவது சுலபம். இணைப்பின் கடைசியில் கணக்கைச் சொல்லிவிடலாம்:

```
https://docs.google.com/spreadsheets/d/FILE_ID/edit?authuser=name@college.example
```

`FILE_ID` இருக்கும் இடத்தில் உங்கள் இணைப்பில் உள்ள நீண்ட எழுத்துக்கோவை அப்படியே இருக்கட்டும். முகவரியில் ஏற்கெனவே `?usp=sharing` மாதிரி ஏதாவது இருந்தால் கேள்விக்குறிக்குப் பதில் `&authuser=` என்று சேர்க்க வேண்டும். ஷீட் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முகவரியின் முடிவில் `#gid=0` என்று இருந்தால் நீங்கள் சேர்ப்பது அந்த `#`க்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் கூகுளின் சர்வருக்கு அது போய்ச் சேராது, பழைய பதிலே திரும்ப வரும்.

இதே வேலைக்கு `/u/1/` என்ற எண்ணையும் சிலர் பயன்படுத்துவார்கள். 0 என்றால் முதலில் லாகின் ஆன கணக்கு, 1 என்றால் இரண்டாவது. எனக்கு இது பிடிப்பதில்லை. எல்லாக் கணக்கிலும் லாக்அவுட் செய்து வேறு வரிசையில் உள்ளே வந்தால் எண்களும் இடம் மாறிவிடும், நேற்று சேமித்த புக்மார்க் இன்று வேறு கணக்கைத் திறக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே உள்ள முகவரிப் பட்டையிலிருந்து காப்பி செய்து அனுப்பினால் இந்த எண்ணும் கூடவே போகலாம். உங்களுக்கு 1 கல்லூரிக் கணக்காக இருக்கலாம், வாங்குபவரின் பிரவுசரில் அது அவருடைய வேறொரு கணக்கு. அதனால் இணைப்பை அனுப்பும்போது Share பெட்டியில் உள்ள `Copy link` வழியாக எடுப்பதே நல்லது.

முதல் கணக்கையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். எல்லாக் கணக்குகளிலும் வெளியேறி, கல்லூரிக் கணக்கில் முதலில் லாகின் செய்தால் வெறும் இணைப்புகள் அதில் திறக்கும். ஆனால் அப்புறம் சொந்தக் கணக்கின் இணைப்புகள் தடுமாறும். தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வேலைக் கணினியில் சொந்த இணைப்புகள் அபூர்வம் என்றால் மட்டும் இதைச் செய்யலாம்.

தினமும் இரண்டு கணக்குகளில் வேலை செய்பவர்களுக்கு என் ஓட்டு குரோம் ப்ரொஃபைலுக்குத்தான். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி குக்கீ, தனி புக்மார்க், தனி பாஸ்வேர்டு. கல்லூரி ப்ரொஃபைலில் கல்லூரிக் கணக்கு மட்டும் இருந்தால், குழப்பிக்கொள்ள அங்கே இரண்டாவது கணக்கே இருக்காது. ஆளுக்கொரு நிறம் கொடுத்து வைத்தால் எந்தச் சன்னலில் இருக்கிறோம் என்பது பார்த்ததும் தெரியும். ‘ஒரு நிமிஷம்தானே’ என்று அந்த ப்ரொஃபைலில் சொந்த ஜிமெயிலையும் சேர்த்துவிட்டால் மட்டும் பழைய கதை மறுபடி தொடங்கும்.

ப்ரொஃபைலிலும் ஒரு குறை உண்டு. டெஸ்க்டாப் வாட்ஸ்அப் போன்ற வேறு ஆப்பில் கிளிக் செய்யும் இணைப்பு, பெரும்பாலும் கடைசியாகப் பயன்படுத்திய ப்ரொஃபைலில் போய்த் திறக்கும். எனவே கிளிக் செய்வதற்கு முன் கல்லூரிச் சன்னலை ஒருமுறை தொட்டுவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் முகவரியை அந்தச் சன்னலில் ஒட்ட வேண்டும். இணைப்பு குரோமுக்குள்ளேயே ஒரு பக்கத்தில் இருந்தால் ரைட் கிளிக் மெனுவில் `Open link as` என்று இருக்கும். ப்ரொஃபைலை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம்.

இன்காக்னிட்டோ வேறு மாதிரி உதவும். அங்கே எந்தக் கணக்கும் லாகின் ஆகியிருக்காது, அதனால் சோதனைக்கு ஏற்றது. இணைப்பைத் திறந்ததும் லாகின் கேட்டால் அது கட்டுப்படுத்தப்பட்ட கோப்பு. கேட்காமலே திறந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது என்று துறைத்தலைவரிடம் சொல்லிவிடலாம். தினசரி வேலைக்கு இது சரிவராது. மூடியதும் லாகின் போய்விடும், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கும்.

ஆனால் ஓர் இடத்தில் ப்ரொஃபைல் அல்லது இன்காக்னிட்டோ இரண்டில் ஒன்று இல்லாமல் முடியாமல் போகலாம். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் செய்த சின்னச் செயலிகள், பல கணக்குகள் லாகின் ஆகியிருக்கும் பிரவுசரில் `Sorry, unable to open the file at this time.` என்று சொல்லி நின்றுவிடுவது உண்டு. படித்தால் கோப்பே கெட்டுப்போன மாதிரி இருக்கும், கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இராது. ஒரே கணக்கு உள்ள சன்னலில் அதே இணைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் செயலியை எழுதியவரைக் கூப்பிட வேண்டியதில்லை.