இருமுறை பிடித்த பணமும் நிர்வாகத்துக்கு நான் எழுதிய இரண்டு வரைவுகளும்

மாதத்தின் முதல் தேதி. காலை 9.40க்கு சப்போர்ட் டீமுக்கு முதல் போன். திருப்பூரில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் பேசினார். "ஏம்மா, உங்க சாஃப்ட்வேருக்கு 2,360 ரூபாய் ரெண்டு தடவ போயிருக்கு. அஞ்சாம் தேதி வண்டி டியூ இருக்கு, அக்கவுண்ட்ல காசு நிக்கணும்" என்றார். பதினொரு மணிக்குள் அதே புகாருடன் இன்னும் ஆறு போன்கள். மதியம் காரணம் பிடிபட்டது, மாலைக்குள் கோளாறான பகுதியை நிறுத்திவிட்டோம். அப்புறம் நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அன்று இரவே ஒரு வரைவு எழுதினேன். மறுநாள் காலை படித்துப் பார்த்தால் அது எனக்கு நானே எழுதிக்கொண்டது போல இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதாக ஒன்று எழுதி அனுப்பினேன். இரண்டிலும் தெரிந்து சொன்ன பொய் கிடையாது, இரண்டும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் முதலாவதை வைத்துக்கொண்டு நிர்வாகம் எந்த முடிவும் எடுத்திருக்க முடியாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாதச் சந்தா 2,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 2,360. முதல் தேதி அதிகாலையில் ஒரு புரோகிராம் ஓடி, ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் பேமென்ட் கேட்வேயிடம் பணம் பிடிக்கச் சொல்லும். 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி ஒரு முறை கேட்கும். எழுதியிருந்த விதம் சாராம்சத்தில் இவ்வளவுதான்:

```python
try:
    gateway.charge(invoice)
except Timeout:
    gateway.charge(invoice)
```

அன்று கேட்வே மெதுவாக இருந்தது. பணம் பிடிபட்டுவிட்டது, ஆனால் "பிடித்தாயிற்று" என்ற பதில் 30 விநாடிக்குள் வந்து சேரவில்லை. நம் புரோகிராம் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி பிடித்தது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "அதிகாலை 2.10க்கு பில்லிங் ஜாப் தொடங்கியது. 2.14 முதல் கேட்வே பதில்களில் தாமதம் காணப்பட்டது." இப்படியே இரண்டு பக்கம். எத்தனை பேருக்குப் பணம் போனது என்பது இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் வந்தது. இரண்டாவது வரைவின் முதல் வரி: "143 வாடிக்கையாளர்களிடம் 2,360 ரூபாய் இரண்டாம் முறை பிடிக்கப்பட்டது. திருப்பித் தர வேண்டிய மொத்தம் 3,37,480 ரூபாய். இதை நமக்குச் சொன்னது நம் சிஸ்டம் இல்லை, வாடிக்கையாளர்." கடைசி வாக்கியத்தை எழுதும்போது கை தயங்கியது. ஆனால் நிர்வாகத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் அதுதான். யாரும் போன் செய்யாமல் இருந்திருந்தால் நமக்கு எப்போது தெரிந்திருக்கும் என்ற கேள்விக்கு அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்த 143 என்ற எண் சுலபமாகக் கிடைக்கவில்லை. நம் டேட்டாபேஸில் தேடினால் இருமுறை பிடித்தது ஒன்றுகூட வராது, ஏனென்றால் கடைசியாக வந்த பதிலை மட்டும்தான் அது பதிவு செய்கிறது. முதல் பிடித்தத்துக்கு நம்மிடம் தடயமே கிடையாது. முதல் வரைவில் நம் புரோகிராம் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாக்கை எண்ணி "168 பரிவர்த்தனைகள் பாதிப்பு" என்று எழுதியிருந்தேன். அது தவறு. 168 என்பது மறுபடி கேட்ட தடவைகளின் எண்ணிக்கை. கேட்வேயின் சொந்தப் பட்டியலை இறக்கி, ஒரே இன்வாய்ஸ் எண்ணுக்கு வெற்றியாக முடிந்த இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தபோது, 25 பேருக்கு முதல் முயற்சியில் பணம் போகவே இல்லை என்று தெரிந்தது. அவர்களுக்கு இரண்டாம் முயற்சிதான் சரியான முயற்சி. 168 பேருக்கும் ரீஃபண்ட் கொடுத்திருந்தால், அந்த 25 பேரும் அந்த மாதத்துக்குப் பணம் கட்டாதவர்களாக ஆகியிருப்பார்கள். எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வரியாகக் குறிப்பிலேயே எழுதுவது அதனால்தான் அவசியம் என்கிறேன்.

பாதிப்பை முதல் வரைவு ஒரே தொகையோடு முடித்துவிட்டது. இரண்டாவதில் அதைப் பிரித்து எழுதினேன். ரீஃபண்ட் செய்தாலும் கேட்வே தன் கட்டணத்தைத் திருப்பித் தராது. நம் ஒப்பந்தப்படி அது 2%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஒரு பிடித்தத்துக்கு 55 ரூபாய் 70 பைசா, 143க்கு சுமார் 8,000 ரூபாய். இது நம் நேரடி நஷ்டம். தொகை சிறியதுதான். ஆனால் ரீஃபண்ட் வாடிக்கையாளர் கணக்கில் ஏற 5 முதல் 7 வேலைநாள் ஆகும், திருப்பூர்க்காரரின் டியூ ஐந்தாம் தேதி. அவரைப் போன்றவர்களுக்கு கேட்வே வழியாக அனுப்புவதா, நம் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அன்றே அனுப்புவதா என்பது டெவலப்பர் முடிவு செய்கிற விஷயம் இல்லை. நேராக அனுப்பினால் உடனே போய்ச்சேரும். ஆனால் அவர் பெயரை கேட்வே ரீஃபண்ட் பட்டியலிலிருந்து எடுக்க மறந்தால் இருமுறை திருப்பித் தந்ததாகிவிடும். இரண்டையும் எழுதி, யார் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் எழுதினேன். டியூ இருப்பதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் நேராக, மற்றவர்களுக்கு கேட்வே வழியாக என்று அன்று மதியமே பதில் வந்தது.

கணக்குப் பிரிவு முதலில் கேட்ட கேள்வி கிரெடிட் நோட் பற்றி, அதாவது போட்ட இன்வாய்ஸின் தொகையைக் குறைக்கத் தரும் ஆவணம் வேண்டுமா என்று. இன்வாய்ஸ் ஒன்றுதான் போட்டிருக்கிறோம், பணம்தான் இரண்டு முறை வந்தது. அதனால் ரீஃபண்ட் போதும், ஜிஎஸ்டி கணக்கில் எதுவும் மாறாது. இன்வாய்ஸே இரண்டு விழுந்திருந்தால் கதை வேறு. முதல் வரைவில் இந்த வரி இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

காரணம் எழுதுகிற இடத்தில்தான் இரண்டு வரைவுக்கும் பெரிய வித்தியாசம். முதலாவது "கேட்வே தாமதத்தால் டைம்அவுட் ஏற்பட்டு ரீட்ரை நடந்தது" என்றது. படிக்கிறவர் தப்பு கேட்வே மேல் என்று நினைத்துக்கொள்வார். இன்னும் கீழே, அந்த வரியை எழுதிய டெவலப்பரின் பெயரும் எந்த ஆண்டு எழுதினார் என்பதும் இருந்தன. அவர் கம்பெனியை விட்டுப் போய்விட்டவர். அந்தப் பெயரால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவதில் இப்படி எழுதினேன்: "பதில் வரவில்லை என்பதை நம் புரோகிராம் பணம் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டது. பதில் வராதபோது பணம் பிடிபட்டிருக்கலாம், பிடிபடாமலும் இருக்கலாம். வெற்றி, தோல்வி தவிர 'தெரியாது' என்கிற அந்த மூன்றாவது நிலைக்கு நம்மிடம் இடமே இல்லை." கூடவே, இது ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்தேன். சோதனைக்கு நாம் வைத்திருக்கும் போலி கேட்வே எப்போதும் உடனே பதில் சொல்லும். டைம்அவுட் என்ற ஒன்றை நம் டெஸ்ட்கள் பார்த்ததே இல்லை. யார் எழுதியிருந்தாலும் இந்தப் பிழை தப்பித்து வந்திருக்கும். நிர்வாகம் காசு ஒதுக்கிச் சரிசெய்யக்கூடியதும் இதைத்தான், ஒரு பெயரை அல்ல.

தடுப்பு என்ற தலைப்பில் முதல் வரைவு "இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வோம், ரீட்ரை லாஜிக் மேம்படுத்தப்படும்" என்று முடிந்தது. இரண்டாவதில் மூன்று வழிகளை, ஒவ்வொன்றும் எதைத் தடுக்காது என்பதோடு சேர்த்து எழுதினேன்.

முதல் வழி ஐடெம்பொட்டன்சி கீ. ஒவ்வொரு கோரிக்கையோடும் ஓர் அடையாளக் குறி அனுப்புகிறோம். அதே குறியோடு மறுபடி கேட்டால் கேட்வே புதிதாகப் பிடிக்காமல் பழைய பதிலையே தரும். அரை நாள் வேலை. ஆனால் குறி இன்வாய்ஸ் எண்ணிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உருவாக்கினால் பயனே இல்லை, அந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். இன்னொன்று, கேட்வே இந்தக் குறிகளை என்றென்றைக்கும் வைத்திருக்காது. உதாரணத்துக்கு, ஸ்ட்ரைப் என்ற கேட்வே தன் பழைய ஏபிஐயில் 24 மணி நேரம் கடந்த குறிகளை நீக்கிவிடலாம் என்கிறது. முதல் தேதி தோற்றதாக நினைத்த இன்வாய்ஸ்களை மூன்றாம் தேதி யாராவது கையால் மறுபடி ஓட்டினால் இந்தக் குறி காப்பாற்றாமல் போகலாம்.

அந்த ஓட்டையை அடைப்பது இரண்டாவது வழி. கேட்வேயிடம் கேட்பதற்கு முன்பே நம் டேட்டாபேஸில் ஒரு வரி எழுதி, ஒரு இன்வாய்ஸுக்கு முடிவு தெரியாத வரியோ வெற்றி வரியோ ஒன்றுக்கு மேல் இருக்க முடியாதபடி பூட்டிவிடுவது:

```sql
CREATE UNIQUE INDEX one_live_charge
ON payments (invoice_id)
WHERE status IN ('started', 'unknown', 'paid');
```

டைம்அவுட் ஆனால் அந்த வரி `unknown` ஆகும், மறுபடி பிடிக்க டேட்டாபேஸே விடாது. கேட்வேயிடம் நிலையைக் கேட்டு, பிடிக்கவில்லை என்று உறுதியான பிறகு `failed` ஆக மாற்றினால்தான் அடுத்த முயற்சி. இதற்கு மூன்று நாள் வேலை, நிலையைக் கேட்கும் இன்னொரு சின்ன புரோகிராமும் வேண்டும். அது ஓடாமல் நின்றுவிட்டால் `unknown` வரிகள் தேங்கும், வர வேண்டிய பணம் வராது. வாடிக்கையாளரிடம் இருமுறை பிடிப்பதைவிட நமக்குத் தாமதமாக வருவது மேல் என்று என் கருத்தையும் எழுதினேன்.

மூன்றாவது, தினசரி ஒப்பீடு. கேட்வேயின் பட்டியலையும் நம் இன்வாய்ஸ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பணம் நம் வங்கிக் கணக்குக்கு வரும்போது கேட்வே தரும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால் இரண்டு வேலைநாள் போய்விடும். பேமென்ட் பட்டியலை அன்றே எடுத்துவிடலாம். இது எதையும் தடுக்காது, நடந்த பிறகுதான் சொல்லும். ஆனால் முதல் இரண்டும் யோசிக்காத பிழையைக்கூட இது காட்டிக்கொடுக்கும், அதுவும் 9.40 போனுக்கு முன்பே. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பல டெவலப்பர்கள் முதலாவதைச் சொல்வார்கள். நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துக் கேட்டேன், முதலாவதை அன்றே செய்துவிட்டேன் என்று தெரிவித்தேன். மூன்றுக்கும் தேதியும் பொறுப்பாளரும் குறிப்பிலேயே இருந்தன.

முதல் வரைவு வீண் என்று சொல்ல மாட்டேன். நிமிட வாரியான வரிசையை அப்படியே பின்னிணைப்பாக வைத்தேன். தணிக்கைக்கு வந்தவர் அதைத்தான் முதலில் புரட்டினார்.

அடுத்த மாதம் முதல் தேதியும் கேட்வே ஒரு பத்து நிமிடம் திணறியது. 9 வரிகள் `unknown` ஆக நின்றன. ஆறு மணிக்குள் நிலை கேட்கப்பட்டு 7 வரிகள் `paid` ஆயின. மீதி இரண்டு பேரிடம் மட்டும் மறுபடி பிடித்தோம். காலை 9.40க்கு சப்போர்ட் டீமிடம் போய் நின்று பார்த்தேன். பணம் பற்றி ஒரு போனும் வரவில்லை.